குண்டுக் குழந்தைக்குப் பாலைக் குறைக்கலாமா?

“என் மகளுக்கு 5 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிறந்தபோது 3.1 கிலோ, இப்போது 8.3. சளிக்குக் காட்டப் போன இடத்தில் டேப் வைத்து அளந்து 61 செ.மீ. என்று எழுதி, ‘இது ஒபிசிட்டி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் போதும், ராத்திரி வேண்டாம், நடுவில் அழுதால் ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள்’ என்றார்கள். 10 நாளாக அப்படித்தான் செய்கிறேன். பாப்பா அழுது அழுது விரலைச் சப்பிக்கொண்டு தூங்குகிறாள். மாமியார் ‘இதெல்லாம் பால் சதை, தானா வத்திடும்’ என்கிறார். என் அப்பாவுக்கும் கணவருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. அது பாப்பாவுக்கும் வந்துவிடுமோ என்று பயம். இன்னும் குப்புற விழவும் இல்லை. எடைதான் காரணமா?”

பதில்: குழந்தைநல மருத்துவர்

முதலில் அந்தத் தண்ணீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாலை அவள் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், ராத்திரியும் சேர்த்து. காரணங்களைச் சொல்கிறேன், ஆனால் படித்து முடிக்கும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

தாய்ப்பாலிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் 6 மாதம்வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. இந்த வயதுச் சிறுநீரகத்துக்கு அதிகப்படி தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றும் திறனும் குறைவு. அளவு கூடிப்போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், குழந்தை சோர்ந்து, வலிப்புவரை போகலாம். கொஞ்சமாகக் கொடுக்கும் வீடுகளில் அவ்வளவு தூரம் போவதில்லை. அங்கே நடப்பது வேறு: தண்ணீர் குடித்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும், பால் மார்பிலேயே தேங்கும். தேங்கிய மார்பு ‘இவ்வளவு வேண்டாம்போல’ என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா “எனக்குப் பால் வற்றிவிட்டது டாக்டர்” என்று பவுடர் பால் டப்பாவோடு வந்து நிற்பார். குண்டாக இருக்கிறது என்று தொடங்கிய வைத்தியம் இப்படி முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு 10 நாள்தான் ஆகிறது, அதனால் சுரப்பு திரும்பிவிடும். இரண்டு மூன்று நாள் அவள் அடிக்கடி கேட்பாள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைகூட. ‘பால் போதவில்லை’ என்று பயப்படாதீர்கள். விட்டதைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது துணி நன்றாக நனைந்து, சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

சரி, இப்போது அந்த 61 செ.மீ. கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் என்னைத் திடுக்கிட வைத்தது 8.3 கிலோ அல்ல, இந்த 61தான். நீங்கள் அனுப்பிய தடுப்பூசி அட்டைப் படத்தில் 14ஆவது வாரத்தில் நீளம் 61.5 என்று இருக்கிறது. ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து 61. குழந்தை சுருங்காது. ஒன்று, அளந்ததில் தப்பு. அல்லது எடை ஏறிக்கொண்டே போக, நீளம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவதாக இருந்தால் அது நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதனால்தான் வேறு இடத்தில் இன்ஃபான்டோமீட்டரில் அளந்து அனுப்பச் சொன்னேன். தலைப்பக்கம் அசையாத பலகையும் கால்பக்கம் நகரும் பலகையும் உள்ள அளவுக் கட்டை அது. ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை மெதுவாக அழுத்திக் காலை நீட்டி அளக்க வேண்டும். அளந்தபோது வந்தது 65.5.

நாலரை செ.மீ. வித்தியாசம். மெத்தையில் படுக்கவைத்து, மடங்கிய காலோடு, ஒரே ஆள் டேப்பைப் பிடித்தால் இது சாதாரணமாக நடக்கும். பெரியவர்களுக்கு இது பெரிய தப்பில்லை, குழந்தைக்கு இதில்தான் எல்லாமே மாறிப்போகிறது. குண்டா இல்லையா என்று பார்க்க நாங்கள் எடையை வயதோடு மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை, நீளத்தோடும் வைத்துப் பார்க்கிறோம். 61 செ.மீ. உள்ள பெண் குழந்தைக்கு 8.3 கிலோ என்பது வரைபடத்தின் உச்சியில் இருக்கும் ஒபிசிட்டி கோட்டின் பக்கத்தில் போய் உட்காரும். அதே 8.3 கிலோ, 65.5 செ.மீ. குழந்தைக்கு அதிக எடைக் கோட்டுக்குக் கீழே நிற்கும். உங்கள் மகள் உடம்புவாகான குழந்தை, சராசரியைவிட நீளமானவளும்கூட. ஒபிசிட்டி அந்த டேப்பில்தான் இருந்தது.

இதே அட்டையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. பிறந்தபோது 3.1. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு 4.9. பத்தாவது வாரம் 6.0. பதினான்காவது வாரம் 7.0. ஐந்து மாதத்தில் 8.3. ஏறிக்கொண்டே போவதாகத்தான் தெரியும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று வகுத்துப் பாருங்கள். முதல் ஆறு வாரம் நாளுக்கு 43 கிராம். அடுத்த நாலு வாரம் 39. அதற்கடுத்த நாலு வாரம் 36. அப்புறம் ஐந்து மாதம்வரை 24. யாரும் பாலைக் குறைக்கச் சொல்வதற்கு முன்பே வேகம் பாதியை நெருங்கிவிட்டது.

பிறந்த வேகத்திலேயே போனால் ஒரு வயதில் 15 கிலோவைத் தாண்ட வேண்டும். எந்தக் குழந்தையும் அப்படிப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவைப் பாருங்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து எடுத்தது. அதில் நடுக்கோட்டில் போகும் பெண் குழந்தை முதல் ஐந்து மாதத்தில் 3.7 கிலோ ஏறுகிறாள், அடுத்த ஏழு மாதத்தில் வெறும் 2 கிலோ. உங்கள் மகள் ஒரு வயதில் அநேகமாக 10 கிலோவிலிருந்து 11க்குள் இருப்பாள்.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும் விஷயம், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலும் ஐந்து மாதத்திலும் குடிக்கும் பாலின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், சற்று முன்னே பின்னே. உடம்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகியும் பால் ஏறுவதில்லை. அதே பாலில் முதலில் வேகமாகச் சதை போடுகிறது, பிறகு கை கால் ஆட்டி, புரண்டு, விளையாடி அதைச் செலவழிக்கிறது. கட்டுப்பாடு ஏற்கெனவே குழந்தையிடமே இருக்கிறது. நாம் கடிகாரத்தை வைத்து அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் மாமியார் சொன்ன ‘பால் சதை’ சரியான வார்த்தை. மனிதக் குழந்தை அளவுக்குக் கொழுப்போடு வளரும் குட்டி பாலூட்டிகளில் அபூர்வம். பிறக்கும்போது உடம்பில் ஏழில் ஒரு பங்கு கொழுப்பு, ஆறு மாதத்தில் கால் பங்குக்கு மேல். இது வீண் சேமிப்பு இல்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 350 கிராம் இருக்கும் மூளை, ஒரு வயதில் 900 கிராமை எட்டுகிறது. சும்மா படுத்திருக்கும் கைக்குழந்தை செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. ஆறு மாதத்துக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் முளைக்கும் நேரத்துச் சாப்பாட்டு மறுப்பு என்று ஒவ்வொன்றாக வரும். வயிற்றுப்போக்கு வந்த ஒரே வாரத்தில் அரை கிலோ இறங்கிய குழந்தைகளைப் பார்க்கிறேன். கையில் இருப்பு வைத்திருந்த குழந்தை அதைத் தாங்கிக்கொள்கிறது. நடக்கத் தொடங்கியதும் தொடை மடிப்பு ஒவ்வொன்றாக மறையும், மூன்று வயதில் அதே குழந்தையைக் கூட்டிவந்து “ஒல்லியாயிட்டா, டானிக் எழுதுங்க” என்பார்கள்.

இப்போது சர்க்கரை நோய் பயம். முதல் வருடத்தில் மிக வேகமாக எடை போட்ட குழந்தைகளில் பிற்காலத்தில் அதிக எடை உள்ளவர்கள் சற்றுக் கூடுதலாக இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நம் நாட்டிலேயே டெல்லியில், பிறந்ததிலிருந்து தொடர்ந்து அளந்துவந்த சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் பரிசோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது குண்டாக இருந்தவர்கள் இல்லை. இரண்டு வயதுவரை உயரத்துக்கு எடை குறைவாக இருந்து, அதற்குப் பிறகு சீக்கிரமாகவே சதை போடத் தொடங்கி, பெரியவர்கள் ஆகும்வரை ஏறிக்கொண்டே போனவர்கள்தான் பெரும்பாலும். உங்கள் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் அவளைக் கவனிக்க வேண்டியதுதான். அந்தக் கவனிப்பு இரண்டு வயதுக்குப் பிறகு, பள்ளிக்குப் போகும் வயதில், பிஸ்கட் பாக்கெட்டும் பாட்டில் ஜூஸும் மொபைலும் வீட்டுக்குள் வரும் காலத்தில் தேவைப்படும். ஐந்து மாதத்தில் தாய்ப்பாலைக் குறைப்பது அந்த நோயைத் தடுக்காது.

முன்பு பாதியில் விட்ட விஷயம்: நீளம் நின்று எடை மட்டும் ஏறினால் ஏன் பயப்பட வேண்டும்? அதிகமாகச் சாப்பிட்டுச் சதை போடும் குழந்தை நீளமும் சேர்ந்தே வளரும். ஹார்மோன் கோளாறில் நீளம் பின்தங்கும். தைராய்டு குறைவு ஒன்று: குழந்தை மந்தமாக, மலச்சிக்கலோடு, முகம் உப்பி இருக்கும். நான் அதிகம் பார்ப்பது இன்னொன்று, ஸ்டீராய்டு. குண்டுக் குழந்தைக்குக் கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் வியர்வை தேங்கி சிவந்து புண்ணாகும். மருந்துக் கடையில் கேட்டால் ஒரே டியூபில் மூன்று நான்கு மருந்து கலந்த க்ரீம் கொடுப்பார்கள். இரண்டே நாளில் சிவப்பு போய்விடும், அதனால் வீட்டில் அதை ‘நல்ல க்ரீம்’ என்று மாதக்கணக்கில் தடவுவார்கள். அதில் இருக்கும் வீரியமான ஸ்டீராய்டு மெல்லிய தோல் வழியாக, அதுவும் டயப்பருக்கு அடியில், உடம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை ஏழு மாதப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முழுநிலா மாதிரி முகம், சிவந்த கன்னம், வயிறு பெரிதாக, கை கால் மட்டும் அதற்கேற்ப இல்லை. நான்கு மாதத்திலிருந்து நீளம் ஏறவே இல்லை. டயப்பர் பையில் அந்த டியூப் இருந்தது, பாதி காலி. இப்படிப்பட்ட க்ரீமை நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைக்க வேண்டும். சளிக்கும் இளைப்புக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டு இல்லாமல் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பதிலும் இதே கதைதான்.

அதனால்தான் உங்களிடம் வீட்டில் இருக்கும் டியூப், பாட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜிங்க் ஆக்சைடு களிம்பும் விட்டமின் டி சொட்டும்தான், நிம்மதி. மடிப்புகளைக் குளித்ததும் மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள், பவுடர் போடாதீர்கள்.

இதைத் தவிர, எவ்வளவு குடித்தாலும் அடங்காத வெறிப்பசியோடு, ஆறு மாதத்துக்குள்ளேயே வரைபடத்தின் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போகும் குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. சில மரபணுக் கோளாறுகள் அப்படிச் செய்யும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அந்த வாய்ப்பை நினைவில் வைத்திருப்போம். அவர்களுக்கும் வழி பரிசோதனைதான், தண்ணீர் இல்லை. உங்கள் மகள் வயிறு நிறைந்ததும் தானே மார்பை விட்டுத் திரும்பிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் போதும்.

இதைப் படிக்கும் புட்டிப்பால் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. புட்டியில் அதிகமாகப் போய்விடுவது நடக்கும். மார்பில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது, புட்டியில் மிச்சம் 20 மில்லி கண்ணுக்குத் தெரியும், ‘இதையும் முடிச்சிடு கண்ணு’ என்று கை தானாகச் சாயும். குழந்தை முகத்தைத் திருப்பினால், உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தால், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இங்கேயும் இடைவெளியை நீட்டவோ, பாலை நீர்க்கக் கரைக்கவோ கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான், பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. குவித்துப் போட்டாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு.

இன்னும் ஒரு மாதத்தில் உங்கள் மகளுக்கு ஆறு மாதம் முடியும். அப்போது ‘ஏற்கெனவே குண்டு, நெய் போடாதே, கஞ்சியைத் தண்ணியாக் கொடு’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பருப்புச் சாதத்தைக் கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுக் கொடுங்கள். இரண்டு வயதுவரை கொழுப்பைக் குறைக்கும் வேலை வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது இரும்புச் சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புதான் முதல் ஆறு மாதத்துக்குச் செலவாகிறது. வேகமாக வளர்ந்த குழந்தைக்கு அது சீக்கிரம் தீரும். கன்னம் புஷ்டியாக இருக்கும், ரத்தம் குறைவாக இருக்கும். வீட்டில் ஒருவர்கூட சந்தேகப்பட மாட்டார்கள். பருப்பு, முட்டை, சாப்பிடுவீர்கள் என்றால் மசித்த ஈரல், இவற்றைத் தொடக்கத்திலேயே சேருங்கள். இரும்பு சொட்டு மருந்தைப் பற்றி ஆறு மாதத்தில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயதுவரை பசும்பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

குப்புற விழாததைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து மாதத்தில் புரளாதது தாமதம் இல்லை. கனமான குழந்தை சற்று மெதுவாகத்தான் புரளும். அவள் விழித்திருக்கும்போது தரையில் பாய் விரித்து ஒரு நாளைக்கு நாலைந்து முறை குப்புறப் போட்டு, முகத்துக்கு நேரே நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். தலை நன்றாக நிமிர்ந்து நிற்கிறதா, இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டிப் பொருளை எடுக்கிறாளா என்பதுதான் எனக்கு முக்கியம். ஏழு மாதம் முடியும்வரை புரளவில்லை என்றால் காட்டுங்கள்.

புது இடத்தில் எடையும் போட்டீர்கள், அதே 8.3தான் வந்தது. 10 நாளில் ஒரு கிராமும் ஏறவில்லை. தராசு வேறு என்பதால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் இந்த வயதில் ஏற வேண்டியது 150 கிராமாவது இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே தராசில், டயப்பரைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். ஈர டயப்பர் மட்டுமே 200 கிராம் காட்டும். நீளத்தை ஆறு மாதம் முடிந்ததும் அதே கட்டையில், இரண்டு பேராகப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 66க்கு மேல் வந்து, எடை 8.5 முதல் 8.8க்குள் இருந்தால் எனக்கு எழுதக்கூட வேண்டாம்.